100-க்கு 55 பாயிண்ட் எடுப்பவர் எத்தனை மேட்ச் ஜெயிப்பார்?

2021 ஜூலை 27. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், டேபிள் டென்னிஸ் ஆண்கள் ஒற்றையர் மூன்றாம் சுற்று. சென்னைக்காரர் சரத் கமலுக்கு எதிரே நின்றவர் மா லாங். நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், அதற்கு முன் தொடர்ந்து மூன்று முறை உலக ஒற்றையர் பட்டம் வென்றவர். முதல் கேம் 7-11 என்று போனது. இரண்டாவதை சரத் 11-8 என்று பிடித்தார். மூன்றாவது 10-10 என்ற டியூஸ் வரை போய் 11-13 என்று நழுவியது. அதன் பிறகு 4-11, 4-11. மேட்ச் 1-4.

இப்போது கேம்களை மறந்துவிட்டு பாயிண்ட்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். மா லாங் 54, சரத் 37, மொத்தம் 91. மா லாங் எடுத்தது 100-க்கு 59 பாயிண்ட்தான். பத்துக்கு ஆறு கூட இல்லை. சரத் பத்துக்கு நாலு பாயிண்டுக்குக் கொஞ்சம் கூடவே எடுத்திருக்கிறார். ஆனால் கேம் கணக்கில் ஐந்துக்கு ஒன்றுதான் அவர் பக்கம் வந்தது.

டேபிள் டென்னிஸ் பார்க்கிறவர்கள் இதை அடிக்கடி உணர்ந்திருப்பார்கள். மேசையில் நடப்பதைப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்கோரைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு பாயிண்டில் இருக்கும் சின்ன அனுகூலம் கேமில் பெரிதாகி, மேட்சில் இன்னும் பெரிதாகிறது. எவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கணக்கிட்டே சொல்ல முடியும். அதற்கு மூன்று விவரங்கள் போதும்: ஒரு பாயிண்டை வெல்லும் நிகழ்தகவு, கேம் எத்தனை பாயிண்ட், மேட்ச் எத்தனை கேம்.

கேமிலிருந்து தொடங்குவோம். ஒரு ஆட்டக்காரர் ஒவ்வொரு பாயிண்டையும் 55 சதவீத வாய்ப்போடு வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 பாயிண்ட் ஆடினால் 55-45. பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு யார் கை ஓங்கியிருக்கிறது என்று உடனே பிடிபடாத அளவு வித்தியாசம் அது. முந்தைய பாயிண்டில் என்ன நடந்தாலும் அடுத்ததில் அதே 55 சதவீதம்தான் என்றும் வைத்துக்கொள்வோம். இது உண்மையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கேமைக் கணக்கிடப் பலரும் ஒவ்வொரு ஸ்கோராகப் போவார்கள். 11-0 வரும் வாய்ப்பு, 11-1 வரும் வாய்ப்பு என்று. சரியான வழிதான், ஆனால் நீளம். 11-9 என்று முடிவதற்கு மட்டுமே 92,378 வெவ்வேறு வரிசைகள் இருக்கின்றன. குறுக்குவழி ஒன்று உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. கேம் 11-3 என்று முடிந்துவிட்டாலும் இருவரும் விடாமல் 20 பாயிண்ட் வரை ஆடி முடிக்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். அந்த 20-ல் 11 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் யாரோ, அவர்தான் கேமையும் வென்றிருப்பார். ஏனென்றால் ஒருவர் 11 எடுத்தால் மற்றவருக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 9. இருவரும் சரியாகப் பத்துப் பத்து எடுத்தால் மட்டும் டியூஸ். ஆக, ஒரு கேம் என்பது 20 பாயிண்ட் ஆடி யார் பாதியைத் தாண்டினார் என்று பார்ப்பதுதான், கூடவே ஒரு டியூஸ்.

டியூஸ் இன்னும் எளிது. 10-10-க்குப் பிறகு இரண்டு பாயிண்ட் முன்னே போகிறவருக்குத்தான் கேம், ஆகவே இரண்டிரண்டு பாயிண்டாகப் பாருங்கள். இரண்டையும் நம்மவர் எடுக்கும் வாய்ப்பு 0.55 × 0.55, அதாவது 0.3025. இரண்டையும் எதிராளி எடுப்பது 0.45 × 0.45, அதாவது 0.2025. ஆளுக்கொன்று என்றால் மறுபடி சமநிலை, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எத்தனை தடவை சமநிலைக்குத் திரும்பினாலும் கடைசியில் முடிவு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே டியூஸை வெல்லும் வாய்ப்பு 0.3025-ஐ 0.505-ஆல் வகுத்தால் வருவது: ஏறக்குறைய 60 சதவீதம்.

இரண்டையும் சேர்த்தால் 55 சதவீத ஆட்டக்காரர் 11 பாயிண்ட் கேமை வெல்லும் வாய்ப்பு 68.7 சதவீதம். ஆறு கேமுக்கு ஒன்று என்ற அளவில் டியூஸுக்கும் போகும்.

இந்தக் கற்பனை 20 பாயிண்டில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. டாஸில் வென்று முதலில் சர்வ் போட்டால் லாபமா என்று கேட்பார்கள். இன்றைய விதிப்படி ஆளுக்கு இரண்டு சர்வ் மாறி மாறி வரும், 10-10-க்குப் பிறகு ஆளுக்கு ஒன்று. அப்படியென்றால் 20 பாயிண்ட் முடியும்போது இருவரும் சரியாகப் பத்துப் பத்து சர்வ் போட்டிருப்பார்கள், யார் தொடங்கினாலும். டியூஸிலும் ஒவ்வொரு ஜோடிப் பாயிண்டிலும் ஆளுக்கொரு சர்வ். ஆகவே பாயிண்டுக்குப் பாயிண்ட் மனநிலை மாறாது என்று கொண்டால், முதலில் சர்வ் போடுவதால் கேமை வெல்லும் வாய்ப்பு துளியும் மாறாது. ஒருவர் தன் சர்வில் 60 சதவீதமும் எதிராளி சர்வில் 50 சதவீதமும் எடுக்கிறார் என்று பிரித்துக் கணக்கிட்டாலும், விடை சராசரி 55-க்கு வரும் அதே 68.7-ஐ ஒட்டியே வருகிறது. வித்தியாசம் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. டென்னிஸில் சர்வைத் தனியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் எல்லாமே தப்பாகிவிடும். இங்கே ஒரே எண்ணை வைத்துத் தைரியமாக வேலை செய்யலாம்.

அப்புறம் மேட்ச். ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 68.7 என்று கிடைத்துவிட்டது. ஐந்து கேம் மேட்சில் மூன்று கேம் எடுக்க வேண்டும், ஏழு கேம் மேட்சில் நான்கு. இங்கேயும் அதே யோசனைதான்: எல்லா கேமையும் ஆடி முடித்தால் பாதிக்கு மேல் யார் எடுப்பார்? ஐந்து கேமில் 81.9 சதவீதம், ஏழு கேமில் 85.6 சதவீதம். பாயிண்டில் 55 ஆக இருந்தது மேட்சில் 86-ஐ நெருங்கிவிட்டது. பாயிண்டில் 52 மட்டும் எடுக்கும் ஆளுக்கு ஏழு கேம் மேட்சில் 66. பாயிண்டில் 60 எடுப்பவருக்கு 98-க்கும் மேல். 52-க்கும் 60-க்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் "யாருக்கு வேண்டுமானாலும் போகலாம்" என்பதிலிருந்து "பார்க்கவே வேண்டாம்" என்பது வரை எல்லாம் அடங்கிவிடுகிறது.

கணினியில் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, மேலே சொன்னது முழுவதும் இவ்வளவுதான்:

```python
from math import comb

def game(p, n=11):
    q = 1 - p
    m = 2 * (n - 1)
    win = sum(comb(m, k) * p**k * q**(m - k) for k in range(n, m + 1))
    deuce = comb(m, n - 1) * (p * q)**(n - 1)
    return win + deuce * p*p / (p*p + q*q)

def match(g, need):
    return sum(comb(need - 1 + k, k) * g**need * (1 - g)**k
               for k in range(need))

print(match(game(0.55), 4))
```

கடைசி வரியில் உள்ள 4 என்பது ஏழு கேம் மேட்சில் எடுக்க வேண்டிய கேம்கள். 0.856 என்று விடை வரும். `game(0.55, 21)` என்று கொடுத்தால் பழைய 21 பாயிண்ட் கேம்.

அந்த 21 பாயிண்ட் கேம் பற்றித்தான் நான் இந்தக் கணக்கையே முதலில் போட்டேன். 2001 செப்டம்பர் 1 முதல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் கேமை 21-லிருந்து 11-ஆகக் குறைத்தது. அதுவரை ஆளுக்கு ஐந்து சர்வ் வீதம் மாறும், உலகப் போட்டிகளின் ஒற்றையர் ஆட்டங்கள் ஐந்து கேம். 21-ல் ஆடி வளர்ந்த தலைமுறை இன்றும் சொல்லும் குறை ஒன்றுண்டு: 11 என்பது லாட்டரி, நல்ல ஆட்டக்காரன் சூடேறுவதற்குள் கேம் முடிந்துவிடுகிறது, அந்தக் காலத்தில் 5-10 என்று பின்தங்கினாலும் மீண்டு வர இடம் இருந்தது என்று.

அதில் எவ்வளவு உண்மை? தனி ஒரு கேமைப் பார்த்தால் நிறையவே உண்டு. 55 சதவீத ஆட்டக்காரர் 21 பாயிண்ட் கேமை வெல்லும் வாய்ப்பு 74.6. 11-ல் அது 68.7. ஆறு புள்ளி கீழே இறங்கிவிட்டது. ஆனால் கேமைச் சுருக்கியபோது கேம்களின் எண்ணிக்கை கூடியதை மறந்துவிடக் கூடாது. பழைய ஐந்து கேம் மேட்சில் அவருக்கு இருந்த வாய்ப்பு 89.2. இன்றைய ஏழு கேம் மேட்சில் 85.6. சின்னப் போட்டிகளில் இருந்த மூன்று கேம் மேட்ச் (21 பாயிண்ட்) என்றால் 83.9, அந்த இடத்துக்கு வந்த ஐந்து கேம் மேட்ச் (11 பாயிண்ட்) என்றால் 81.9. ஆக, மேட்ச் அளவில் நல்ல ஆட்டக்காரர் இழந்தது இரண்டு முதல் நான்கு சதவீதம் வரை. பத்து மேட்சில் ஒன்று தோற்றவர் இனி ஏழு மேட்சில் ஒன்று தோற்பார். வித்தியாசம் இருக்கிறது. லாட்டரி என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

காரணம் மொத்தப் பாயிண்டில் இருக்கிறது. டியூஸை விட்டுவிட்டால், முழுநீளம் போகும் பழைய மேட்சில் 200 பாயிண்ட் வரை ஆடலாம். இன்றைய ஏழு கேமில் 140 வரை. அதிகம் ஆட ஆட அதிர்ஷ்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், திறமை மேலே வரும். ஆனால் அது மெதுவாகத்தான் வரும். அதிர்ஷ்டத்தின் பங்கைப் பாதியாக்க வேண்டுமானால் பாயிண்ட்களை நான்கு மடங்காக்க வேண்டும். 200-ஐ 140 ஆக்கியதால் பெரிதாக எதுவும் குலைந்துவிடவில்லை.

2000-ல் சிட்னியில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 பாயிண்டில் ஆடப்பட்ட கடைசி ஒலிம்பிக் ஆண்கள் ஒற்றையர் இறுதி அது. சீனாவின் காங் லிங்ஹுய், சுவீடனின் யான்-ஓவ் வால்ட்னரை 21-16, 21-19, 17-21, 14-21, 21-13 என்று வென்றார். கூட்டினால் காங் 94, வால்ட்னர் 90. 184 பாயிண்ட் ஆடியும் நான்கே நான்கு பாயிண்ட் வித்தியாசம். இத்தனை நீளமான மேட்சும் இருவரில் யார் உண்மையில் பலசாலி என்பதற்குச் சான்றாகாது. காங் அன்றைக்கு ஜெயித்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கேம் கேமாகப் பிரிப்பதாலும் கொஞ்சம் இழப்பு உண்டு. 140 பாயிண்டையும் ஒரே ஓட்டமாக ஆடி அதிகம் எடுத்தவருக்கு வெற்றி என்று வைத்தால் 55 சதவீதக்காரருக்கு 88 சதவீத வாய்ப்பு. அதையே ஏழு கேமாக உடைத்தால் 85.6. 11-3 என்று வென்ற கேமில் மிச்சமான பாயிண்ட்களை அடுத்த கேமுக்குக் கொண்டுபோக முடியாது என்பதுதான் அந்த இழப்பு. ஒருவர் மூன்று கேமை 11-3 என்று வென்று, நான்கு கேமை 9-11 என்று விட்டால், 69 பாயிண்ட் எடுத்துத் தோற்பார். எதிராளி 53 எடுத்து ஜெயிப்பார். கொடுமைதான். ஆனால் மூன்று கேம் பின்தங்கியவருக்கும் நான்காவது கேம் 0-0 என்று தொடங்குகிறது என்பதால்தான் மேட்சில் கடைசி வரை உயிர் இருக்கிறது. இந்த அமைப்புக்காக நான் அந்த இரண்டு சதவீதத்தை மனமாரக் கொடுப்பேன்.

மேட்ச் நடக்கும்போது இந்தக் கணக்கு எப்படி நகர்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் இறுதியில் சரத், இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்டிடம் முதல் கேமை 11-13 என்று இழந்தார். பிறகு 11-7, 11-2, 11-6, 11-8 என்று தங்கத்தை எடுத்தார். (கூட்டினால் 55-36. அங்கேயும் மொத்தம் 91 பாயிண்ட், அங்கேயும் 4-1. டோக்கியோவின் மறுபக்கம் போல.) முதல் கேமை இழந்த 55 சதவீத ஆட்டக்காரருக்கு ஏழு கேம் மேட்சில் மிச்சமிருக்கும் வாய்ப்பு 72 சதவீதம். அதாவது இன்னமும் அவர் பக்கம்தான் மேட்ச். ஐந்து கேம் மேட்சாக இருந்தால் 63-க்கு இறங்கிவிடும். ஒலிம்பிக் ஒற்றையர் ஆட்டம் ஏழு கேம், அணிப் போட்டியின் ஆட்டங்கள் ஐந்து கேம். பெரிய அணிகள் அணிப் போட்டியில் ஒரு கேம் போனதும் ஏன் அவ்வளவு பதறுகின்றன என்பதற்கு இந்த ஒன்பது புள்ளி வித்தியாசமும் ஒரு காரணம்.

டோக்கியோவின் மூன்றாவது கேமுக்குத் திரும்புவோம். 1-1 என்று இருந்து, டியூஸ் வரை போன கேம் அது. மா லாங்கின் பாயிண்ட் வாய்ப்பை அந்த மேட்சில் அவர் எடுத்த 59.3 சதவீதம் என்றே வைத்துக் கணக்கிட்டால், அந்தக் கேமை இழந்த சரத்துக்கு மிஞ்சியது 2 சதவீத வாய்ப்பு. வென்றிருந்தால் 15 சதவீதம். ஏழு மடங்கு. அந்த இரண்டு பாயிண்டை நினைத்து இன்றும் மனம் வலிக்கிறவர்கள் உண்டு, நானும் ஒருவன். ஆனால் வென்றிருந்தாலும் 15 மட்டும்தான் என்பதையும் கணக்கு சொல்லத்தான் செய்கிறது.

பந்தய நிறுவனங்கள் போடும் விகிதங்களும் இதே சங்கிலியின் மறுமுனைதான். ஒருவருக்கு 1.25, மற்றவருக்கு 3.75 என்று விகிதம் இருந்தால், ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வாய்ப்பு கிடைக்கும்: 80 சதவீதம், 26.7 சதவீதம். கூட்டினால் 106.7. நூறுக்கு மேலே இருப்பது நிறுவனத்தின் பங்கு. அதை விகிதப்படி கழித்தால் 75-25. ஐந்து கேம் மேட்சில் 75 சதவீதம் என்றால் கேமில் 64, பாயிண்டில் 53.7 என்று பின்னோக்கிப் போகலாம். அதே இருவர் ஏழு கேம் ஆடினால் 75 என்பது 78 ஆக வேண்டும். ஐந்து கேம் விகிதத்தை அப்படியே ஏழு கேமுக்கு எடுத்துப் போவது தவறு என்பது இதிலிருந்து தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும்: 1.25 விகிதக்காரர் மேல் பணம் கட்டுகிறவர் பாயிண்ட் மதிப்பீட்டில் நிறுவனத்தை ஒரு சதவீதம் முந்தியிருந்தாலும், அதில் கிடைக்கும் லாபத்தை அந்த 6.7 சதவீதப் பங்கு கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும்.

பாயிண்ட் வாய்ப்பை யாரும் அவ்வளவு துல்லியமாக மதிப்பிடவும் முடியாது. கணக்கு உடையும் இடம் இதுதான். மா லாங் 91-க்கு 54 எடுத்தார். அதை வைத்து அவருடைய உண்மையான பாயிண்ட் வாய்ப்பு 59 என்று சொல்லிவிடலாமா? 91 பாயிண்ட் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. வெறும் தற்செயலே இந்த அளவில் பத்து சதவீதம் மேலேயும் கீழேயும் இழுத்துவிடும். உண்மை 50-ஆகவும் இருக்கலாம், 69-ஆகவும் இருக்கலாம். அந்த இரண்டு முனைகளில் ஒன்றில் மேட்ச் சரிசமம், மற்றொன்றில் முன்கூட்டியே முடிந்த கதை. ஒரு மேட்சின் பாயிண்டை எண்ணி அடுத்த மேட்சைச் சொல்கிறவரிடம், எத்தனை பாயிண்ட் எண்ணினீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமானால் பத்தாயிரம் பாயிண்ட் வேண்டும். இருவர் அத்தனை முறை மோதி முடிப்பதற்குள் இருவருமே வேறு ஆட்டக்காரர்களாக மாறியிருப்பார்கள்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இருவரும் முன்பே பல மேட்ச் ஆடி, சராசரியாக 55 என்று நன்றாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சராசரி ஒரே மாதிரி நாட்களால் ஆனதாக இருக்க வேண்டியதில்லை. பாதி நாள் 60, பாதி நாள் 50 என்று இருக்கலாம். எதிராளி ரப்பரை மாற்றியிருக்கலாம், புதிய சர்வ் ஒன்றைத் தயார் செய்து வந்திருக்கலாம், தோள்பட்டை வலிக்கலாம், அரங்கின் மேசையும் தரையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 60 ஆக இருக்கும் நாளில் ஏழு கேம் மேட்சை வெல்லும் வாய்ப்பு 98.4. 50 ஆக இருக்கும் நாளில் சரியாக 50. இரண்டின் சராசரி 74.2. ஆனால் 55 என்ற சராசரியை நேராகக் கணக்கில் போட்டால் வந்தது 85.6. பதினோரு சதவீதம் காணாமல் போய்விட்டது!

கேமைச் சுருக்கியதால் போனது நான்குக்கும் கீழே. இன்றைக்கு எந்த நாள் என்று தெரியாததால் போவது பதினொன்று. மேலும், இந்த இழப்பை மேட்சை நீட்டிச் சரிசெய்ய முடியாது. அதே பாதிக்குப் பாதி ஆட்டக்காரரைப் பழைய 21 பாயிண்ட், ஐந்து கேம் மேட்சில் ஆட விட்டால் 74.7. பாதி சதவீதம் கூடுகிறது. நல்ல நாளில் முன்பே வெற்றி உறுதி, நீளத்தால் அங்கே கூட்ட ஒன்றுமில்லை. மோசமான நாளில் இருவரும் சமம், எவ்வளவு நீட்டினாலும் அது நாணயம் சுண்டுவதுதான். 11-ஐக் குறை சொல்கிறவர்கள் கண்ணால் கண்ட அதிர்ச்சித் தோல்விகளில் பெரும்பங்கு கேம் நீளத்தால் வந்ததல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். 2000 அக்டோபரில் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. அடுத்த ஆண்டு 11 பாயிண்ட். 2002-ல் சர்வை உடலால் மறைப்பது தடை செய்யப்பட்டது. இரண்டே ஆண்டில் மூன்று மாற்றங்கள். பந்தும் சர்வும் மாறியபோது ஆட்டக்காரர்களின் பாயிண்ட் வாய்ப்பே இடம் மாறியது. அந்தக் காலத்து முடிவுகளை மட்டும் வைத்து 11-ன் பங்கைத் தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லை. கணக்கில் மட்டும்தான் ஒன்றை அசையாமல் வைத்து மற்றதை மாற்ற முடியும்.

ஒரே மேட்சுக்குள்ளும் பாயிண்ட் வாய்ப்பு மாறும் என்பதை ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கோச் டைம்-அவுட் எடுப்பதே அதை மாற்றத்தான். டோக்கியோவில் முதல் மூன்று கேமில் மா லாங் 32, சரத் 29. அது 52 சதவீதம், கிட்டத்தட்ட சரிசமமான ஆட்டம். கடைசி இரண்டு கேமில் 22-8, 73 சதவீதம். மூன்றாவது கேம் நழுவியதில் சரத் மனம் தளர்ந்தார், அல்லது மா லாங் அவருடைய சர்வைப் படித்துவிட்டார் என்று சொல்லத் தோன்றும். இருக்கலாம். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மேட்ச் முழுவதும் மா லாங்கின் வாய்ப்பு 59.3 என்று அசையாமலே இருந்திருந்தால், ஒரு கேமை 11-4 அல்லது அதைவிட எளிதாக அவர் வெல்ல எவ்வளவு வாய்ப்பு? இருபது சதவீதம். ஐந்து கேமுக்கு ஒன்று அப்படி முடிவது சாதாரணம். குறிப்பிட்ட இரண்டு கேம் அடுத்தடுத்து அப்படி முடிய 25-க்கு ஒன்று. அரிதுதான், நம்ப முடியாததல்ல.

ஆகவே 4-11, 4-11 என்ற ஸ்கோரை மட்டும் பார்த்து அவர் உடைந்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் வீடியோவைப் போட்டு, மா லாங் சர்வுக்கு சரத் எடுத்த ரிசீவ் மூன்றாவது கேமுக்குப் பிறகு எங்கே விழுந்தது, எத்தனை ராலி மூன்றாவது பந்திலேயே முடிந்தது என்று பாயிண்ட் பாயிண்டாக எண்ண வேண்டும். முப்பது பாயிண்ட்தான் இருக்கிறது, ஒரு மாலைப் பொழுது போதும்.